ஓடும் கடிகாரம் ஏன் பின்தங்குகிறது?

கேள்வி: "வேகமாகப் போகிற கடிகாரம் மெதுவாக ஓடும் என்று சிறப்புச் சார்பியலில் சொல்கிறார்களே, ஏன்? கடிகாரத்துக்குள் என்னதான் ஆகிறது? அதில் போகிறவருக்கு நாம்தானே ஓடுகிறோம், அப்படியானால் யாருடைய கடிகாரம் மெதுவாகும்? சமன்பாடு போடாமல் யாராவது விளக்க முடியுமா?"

கடிகாரத்துக்குள் எதுவும் ஆவதில்லை. பல்சக்கரம் இறுகுவதில்லை, குவார்ட்ஸ் படிகம் சோர்ந்துபோவதில்லை. அதைக் கையில் கட்டிக்கொண்டு போகிறவர் எவ்வளவு நுணுக்கமாகச் சோதித்தாலும் அது எப்போதும் போலத்தான் ஓடும். அது போகிற வழியில் நிறுத்தி வைத்திருக்கும் மற்ற கடிகாரங்களோடு ஒப்பிடும்போதுதான் பின்தங்கியிருப்பது தெரியவரும். "மற்ற கடிகாரங்கள்" என்று பன்மையில் எழுதியிருக்கிறேன். உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடை அந்தப் பன்மையில்தான் இருக்கிறது. அதற்குப் போகும் முன் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது பழைய விஷயம். 1632-லேயே கலிலியோ கப்பலை வைத்து எழுதியது. சீராக, குலுங்காமல், திரும்பாமல் போகிற வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு என்ன சோதனை செய்தாலும் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. ரயிலில் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றும் காபி வீட்டில் விழுவது போலவே நேராக டம்ளரில் விழுகிறது. பின்னால் தள்ளி விழுவதில்லை. ஜன்னலை மூடிவிட்டால் வேகம் என்பதற்கு உள்ளே எந்த அடையாளமும் இல்லை.

இரண்டாவதுதான் புதிது. வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தை யார் அளந்தாலும், விளக்கு நின்றாலும் ஓடினாலும், நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் என்ற ஒரே எண்தான் வரும். இது ஊகம் இல்லை, அளந்து பார்த்தது. 1964-ல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில், ஒளியின் வேகத்தில் 99.9 சதவீதத்துக்கும் மேலான வேகத்தில் பறந்துகொண்டிருந்த பையான் என்ற துகள்கள் சிதையும்போது முன்னோக்கி வீசும் காமாக் கதிர்களின் வேகத்தை நேரடியாக அளந்தார்கள். காமாக் கதிரும் ஒளிதான். ஓடுகிற வண்டியிலிருந்து எறிந்த கல்லைப் போல வண்டியின் வேகமும் சேர்ந்திருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் வந்திருக்க வேண்டும். வந்தது வழக்கமான ஒளியின் வேகம்தான்.

இந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டால் கடிகாரம் பின்தங்குவது தானாக வந்து நிற்கும். அதைப் பார்க்க மிக எளிய கடிகாரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பள்ளிக்கூடத்து 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கீழ் முனையில் ஒரு சிறு கண்ணாடி, மேல் முனையில் ஒரு சிறு கண்ணாடி, இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி. இடையில் ஒரு துளி ஒளி மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை ஏதாவது ஒரு கண்ணாடியில் படும்போதும் ஒரு டிக். ஒளி 30 சென்டிமீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஒரு நானோ நொடி ஆகும், அதாவது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆகவே நம் கடிகாரம் நானோ நொடிக்கு ஒரு டிக் அடிக்கிறது.

இதே போல இன்னொன்று செய்து, அதை நிமிர்த்திய நிலையிலேயே ஒரு வண்டியில் வைத்துப் பக்கவாட்டில் மிக வேகமாக ஓட விடுகிறோம். வண்டிக்குள் இருப்பவருக்கு ஒளி நேராக மேலே போய் நேராகக் கீழே வருகிறது. தரையில் நிற்கும் உங்களுக்கு அப்படி இருக்காது. ஒளி கீழ்க் கண்ணாடியை விட்டுக் கிளம்பும்போது ஸ்கேல் ஓரிடத்தில் இருக்கிறது, மேல் கண்ணாடியைத் தொடும்போது ஸ்கேல் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. எனவே உங்கள் கணக்கில் ஒளி சாய்வாகப் போகிறது. எவ்வளவு சாய்வு என்பதற்குக் கொத்தனாரின் கணக்கே போதும். அஸ்திவாரம் போடும்போது மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அளந்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்ப்பார். இங்கே நிற்கும் பக்கம் ஸ்கேலின் உயரம், 30 சென்டிமீட்டர். ஒளி மேலே போய்ச் சேர்வதற்குள் வண்டி 40 சென்டிமீட்டர் நகர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒளி போன தூரம் 50 சென்டிமீட்டர். ஒளி 50 போகும் நேரத்தில் வண்டி 40 போகிறது என்றால் வண்டியின் வேகம் ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு.

முக்கியமான இடம் இதுதான். ஸ்கேலின் இரு முனைகளுக்கிடையில் ஒளிக்குப் பதில் ஒரு பந்து குதித்துக்கொண்டிருந்தால், அன்றாட வேகங்களில் நமக்குப் பழகிய கணக்குப்படி எதுவும் ஆகியிருக்காது. வண்டியில் இருக்கும் பந்துக்கு வண்டியின் பக்கவாட்டு வேகமும் சேர்ந்திருக்கும். தரையிலிருந்து பார்த்தால் அது சாய்வான நீண்ட பாதையில் போகும், ஆனால் கூடுதல் வேகத்தில் போகும். நீளமும் வேகமும் சரிக்குச் சரியாகி, டிக் அதே நேரத்துக்கு விழும். நம் அன்றாட அனுபவம் முழுவதும் பந்தின் அனுபவம்தான். ஒளிக்கு அந்தச் சலுகை இல்லை. சாய்வாகப் போனாலும் அதன் வேகம் அதே நானோ நொடிக்கு 30 சென்டிமீட்டர். ஆகவே 50 சென்டிமீட்டரைக் கடக்க அதற்கு ஒன்றும் மூன்றில் இரண்டு பங்கு நானோ நொடியும் ஆகியே தீரும். தரையில் இருக்கும் கடிகாரம் ஐந்து டிக் அடிக்கும் நேரத்தில் வண்டியில் இருப்பது மூன்று டிக்தான் அடிக்கும்.

கவனமாகப் படிப்பவர்கள் இங்கே இரண்டு ஆட்சேபணைகளை எழுப்புவார்கள். இரண்டும் நியாயமானவை. ஓடும்போது ஸ்கேலின் உயரமே குறைந்துவிட்டிருந்தால்? அப்போது இந்தக் கணக்கு கெட்டுவிடும். ஆனால் அது நடக்காது. தரையில் ஒரு ஸ்கேல், வண்டியில் ஒரு ஸ்கேல், இரண்டும் நின்ற நிலையில் உரசிக்கொண்டு ஒன்றையொன்று கடக்கின்றன. ஒவ்வொன்றின் மேல் முனையிலும் ஓர் ஆணி. ஓடுவது குட்டையாகும் என்றால், தரைக்காரர் கணக்கில் வண்டியின் ஆணி தரை ஸ்கேலின் மேல் கீறல் போடும். வண்டிக்காரர் கணக்கில் ஓடுவது தரை ஸ்கேல், ஆகவே தரையின் ஆணிதான் வண்டி ஸ்கேலின் மேல் கீற வேண்டும். கீறல் எந்த மரத்தில் இருக்கிறது என்பதில் இரண்டு பேருக்கு இரண்டு உண்மை இருக்க முடியாது. இரண்டு ஆணிகளும் நேருக்கு நேர் உரசிப்போவது ஒன்றுதான் முரண்பாடில்லாத முடிவு. பயணத் திசைக்குக் குறுக்கே உள்ள அளவு மாறாது. பயணத் திசையில் உள்ள நீளத்துக்கு இந்த வாதம் செல்லாது. அது உண்மையிலேயே குறையும், அதைக் கீழே பயன்படுத்துவோம்.

இரண்டாவது ஆட்சேபணை: ஒளிக் கடிகாரம் அப்படி இருக்கலாம், என் கைக்கடிகாரம் ஏன் அப்படி இருக்க வேண்டும்? இதற்கு முதல் விஷயம் பதில் சொல்கிறது. வண்டிக்குள் ஒளிக் கடிகாரத்தின் பக்கத்தில் ஒரு கைக்கடிகாரத்தையும் வையுங்கள். வண்டி நிற்கும்போது இரண்டும் ஒத்துப்போகின்றன. வண்டி ஓடும்போது ஒளிக் கடிகாரம் மட்டும் பின்தங்கிக் கைக்கடிகாரம் பின்தங்காமல் இருந்தால், இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் விழும். அந்த வித்தியாசத்தைப் பார்த்தே உள்ளே இருப்பவர் ஜன்னலைத் திறக்காமல் தன் வேகத்தைச் சொல்லிவிடலாம். அது முடியாது என்பதுதான் கலிலியோ சொன்னது. ஆகவே பின்தங்கினால் எல்லாம் சேர்ந்தே பின்தங்க வேண்டும்: ஸ்பிரிங், குவார்ட்ஸ், அணுவின் அதிர்வு, கதிரியக்கச் சிதைவு, நாடித்துடிப்பு, ரொட்டியில் பூஞ்சை வளர்வது வரை. ஒவ்வொரு கடிகாரத்தின் உள் இயக்கத்தையும் தனித்தனியே பிரித்துப் பார்த்து நிரூபிக்கத் தேவையில்லை என்பதுதான் இந்த வாதத்தின் பலம்.

ஒளியின் வேகம் ஏன் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது என்று அடுத்து கேட்டால், அதைவிட ஆழமான காரணம் ஒன்றிலிருந்து அதை வருவித்துக் காட்ட இயற்பியலில் ஒப்புக்கொள்ளப்பட்ட வழி இல்லை. காலமும் இடமும் சேர்ந்த நாற்பரிமாண வடிவியல் என்று அதை அழகாகச் சொல்லலாம். ஆனால் அது அதே உண்மையின் இன்னொரு வடிவம். வெளி முழுவதும் நிறைந்திருப்பதாக முன்பு நம்பிய ஈதர் என்ற கண்ணுக்குத் தெரியாத ஊடகத்தில் ஓடும் பொருள்கள் எல்லாம் குறுகி, மெதுவாகின்றன என்ற டச்சு இயற்பியலாளர் லோரென்ட்ஸின் பழைய வாசிப்பும் இதே எண்களைத்தான் தரும். சோதனையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. தேவையில்லாத ஈதரை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதால்தான் பெரும்பாலோர் அதை விட்டுவிட்டார்கள். கடிகாரம் பின்தங்குவது உறுதி. அதன் பின்னால் எந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்வது என்பது அந்த அளவுக்கு உறுதியானதில்லை.

இனி கையில் பிடிக்கக்கூடிய ஒரு சோதனை. இதில் கடிகாரம் ஒரு துகள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தின் உச்சியில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் உண்டாகித் தரையை நோக்கிப் பாய்கின்றன. நிறுத்தி வைத்த மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. மைக்ரோ நொடி என்பது ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒவ்வொன்றும் சரியாக அந்த நேரத்தில் சாகும் என்று அர்த்தமில்லை. ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 1.5 மைக்ரோ நொடியில் பாதி சிதையும், அடுத்த 1.5-ல் மிச்சத்தில் பாதி, இப்படியே. மியூவானுக்கு முதுமை கிடையாது. இதுவரை எவ்வளவு காலம் பிழைத்தது என்பது அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பை மாற்றாது. அதனால் எங்கே, எப்போது பிடித்தாலும் அந்த நிமிடத்திலிருந்து புதிதாகக் கணக்கைத் தொடங்கலாம். நூறு கைக்கடிகாரங்களைவிட இது நம்பகமான கடிகாரம்.

1960-களின் தொடக்கத்தில் டேவிட் ஃபிரிஷ், ஜேம்ஸ் ஸ்மித் என்ற இருவர் அமெரிக்காவில் மவுண்ட் வாஷிங்டன் என்ற மலையின் உச்சியில் இதைச் செய்தார்கள். உயரம் சுமார் 1900 மீட்டர். ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம் ஏறக்குறைய இதேதான் என்பதால் மனதில் பிடித்துக்கொள்வது சுலபம். கருவி இப்படி இருந்தது: மேலே சுமார் இரண்டரை அடி கனத்துக்கு இரும்பு அடுக்கு, அதன் கீழே சிண்டிலேட்டர் என்ற பிளாஸ்டிக் கட்டி, அதைப் பார்த்தபடி மிக மெல்லிய ஒளியையும் உணரும் ஒரு குழாய். மியூவான் இரும்பைத் துளைத்து வந்து பிளாஸ்டிக்கில் நின்றால் ஒரு மின்னல். கொஞ்சம் பொறுத்து அது சிதைந்து எலெக்ட்ரான் வெளியே பாயும்போது இன்னொரு மின்னல். இரண்டு மின்னலுக்கும் இடையே உள்ள இடைவெளி, மின் துடிப்பை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் திரையில் ஒரு கோடாக விழும். அந்த இடைவெளிகளைச் சேர்த்துவைத்தால், நின்றுபோன மியூவான்கள் எந்த வேகத்தில் சாகின்றன என்ற பட்டியல் கிடைத்துவிடும். வெளியிலிருந்து எண் எதுவும் கடன் வாங்கத் தேவையில்லை.

இரும்புக்கு வேறு வேலை. மெதுவாக வந்த மியூவான் இரும்புக்குள்ளேயே நின்றுவிடும், மிக வேகமாக வந்தது பிளாஸ்டிக்கையும் துளைத்துப் போய்விடும். சரியாகப் பிளாஸ்டிக்கில் வந்து நிற்பவை ஒரு குறுகிய வேக வரம்பில் உள்ளவை மட்டுமே. அந்த வேகம் ஒளியின் வேகத்தில் சுமார் 99.5 சதவீதம். உச்சியில் இப்படி மணிக்குச் சுமார் 563 மியூவான்களை எண்ணினார்கள். அடுத்து அதே கருவியைக் கடல் மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே ஒரு தவறு நடக்க வாய்ப்பு உண்டு. இடையில் உள்ள 1900 மீட்டர் காற்றும் மியூவானின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். அதே கனத்தில் இரும்பை வைத்தால் நாம் எண்ணுவது வேறொரு கூட்டமாகிவிடும். ஆகவே காற்று எவ்வளவு குறைக்குமோ அந்த அளவுக்கு இரும்பைக் குறைத்துக்கொண்டார்கள். உச்சியில் எந்தக் கூட்டத்தை எண்ணினார்களோ அதே கூட்டம் கீழே வந்து சேர்வதை எண்ணுவதற்காக.

உச்சியிலிருந்து கடல் மட்டத்துக்கு வர அந்த வேகத்தில் 6.4 மைக்ரோ நொடி ஆகும். மியூவானின் கடிகாரமும் நம்முடையதைப் போலவே ஓடினால், அந்த நேரத்துக்குள் பெரும்பாலானவை செத்திருக்க வேண்டும், மணிக்குச் சுமார் 30 மட்டும் மிஞ்சும். எண்ணிப் பார்த்தால் 408. பட்டியலைப் பார்த்து, 563 என்பது 408 ஆகக் குறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று தேடினால் சுமார் 0.7 மைக்ரோ நொடி என்று வருகிறது. நம் கடிகாரத்தில் 6.4 ஓடிய பயணத்துக்கு மியூவானின் கடிகாரம் 0.7 மட்டுமே ஓடியிருக்கிறது. ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. காற்றில் வேகம் குறைவதையும் சேர்த்துச் சார்பியல் சொல்லும் எண்ணும் அளவீட்டின் பிழை வரம்புக்குள் இதேதான்.

இப்போது அதே பயணத்தை மியூவானின் பக்கத்திலிருந்து பாருங்கள். அதன் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது. 0.7 மைக்ரோ நொடிதான் ஆயிற்று. ஆனால் மலைதான் அதை நோக்கிப் பாய்ந்து வருகிறது. ஓடும் பொருள் பயணத் திசையில் குறுகும் என்பதால் அதன் கணக்கில் மலையின் உயரம் 1900 மீட்டர் இல்லை, 200 மீட்டர் சொச்சம்தான். 200 மீட்டர் கடக்க 0.7 மைக்ரோ நொடி போதும். கீழே 408 வந்து சேர்ந்தது என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. காரணத்தைத்தான் ஒருவர் நேரத்தில் வைக்கிறார், மற்றவர் நீளத்தில் வைக்கிறார்.

சரி, மியூவானுக்கு நாம்தான் ஓடுகிறோம், அப்போது நம் கடிகாரம் அல்லவா அதன் கணக்கில் பின்தங்க வேண்டும்? ஆமாம், பின்தங்குகிறது. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கும் என்பதற்கு மியூவானைவிட வசதியான எண்களோடு ஒரு கணக்கு போடுவோம். 1200 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்கள், மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கடிகாரம். ஒரு விண்கலம் மேற்கிலிருந்து கிழக்கே ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் போகிறது. மேற்குக் கம்பத்தைக் கடக்கும் கணத்தில் அந்தக் கம்பத்தின் கடிகாரமும் கலத்தின் கடிகாரமும் பூஜ்யம் காட்டுகின்றன. ஒளிக்கு 1200 கிலோமீட்டர் கடக்க 4 மில்லி நொடி, கலத்துக்கு 5 மில்லி நொடி. கலம் கிழக்குக் கம்பத்தைக் கடக்கும்போது அங்குள்ள கடிகாரம் 5 காட்டுகிறது. ஸ்கேல் கணக்கின்படி கலத்தின் கடிகாரம் 3 காட்டுகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது எடுத்த ஒரே போட்டோவில் 5-ம் 3-ம் தெரியும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

ஆனால் ஒப்பீடு எப்படி நடந்தது என்று பாருங்கள். கலத்தில் இருந்தது ஒரே கடிகாரம். தரையில் பயன்பட்டவை இரண்டு கடிகாரங்கள், ஒன்று தொடக்கத்தில், இன்னொன்று முடிவில். அந்த இரண்டும் ஒரே நேரம் காட்டுகின்றன என்ற நம்பிக்கையின் மேல்தான் "5" நிற்கிறது. அவற்றை எப்படி ஒத்திசைத்தார்கள்? நேர் நடுவில் ஒரு விளக்கைப் பளிச்சிட வைத்து, ஒளி வந்து சேரும்போது தொடங்கு என்று இரண்டு கடிகாரங்களையும் அமைத்தார்கள். தரையில் இது மாசற்ற முறை. கலத்தில் இருப்பவருக்குக் கம்பங்கள் இரண்டும் மேற்கு நோக்கி ஓடுகின்றன. கிழக்குக் கம்பம் ஒளியை எதிர்கொண்டு வருகிறது, மேற்குக் கம்பம் ஒளியைவிட்டு விலகி ஓடுகிறது. ஒளியின் வேகம் இருபுறமும் ஒன்றே என்பதால் கிழக்குக் கடிகாரம் முதலில் தொடங்கிவிட்டது, மேற்குக் கடிகாரம் பிறகுதான் தொடங்கியது. மேற்குக் கடிகாரம் தொடங்கும் கணத்தில் கிழக்குக் கடிகாரம் எவ்வளவு காட்டிக்கொண்டிருக்கும் என்று கலத்தின் பக்கத்திலிருந்து கணக்கிட்டால் 3.2 மில்லி நொடி வருகிறது.

இனி எல்லாம் பொருந்தும். கலத்தின் கணக்கில் கம்பங்களுக்கு இடையே 720 கிலோமீட்டர்தான், அது கடந்துபோக 3 மில்லி நொடி. அந்த 3 மில்லி நொடியில், ஓடிக்கொண்டிருக்கும் கிழக்குக் கடிகாரம் மெதுவாக ஓடி 1.8 மட்டும் முன்னேறியது, அதே ஐந்தில் மூன்று பங்கு. ஆனால் பயணம் தொடங்கும்போதே அது 3.2 காட்டிக்கொண்டிருந்தது. 3.2-ம் 1.8-ம் சேர்ந்து 5. போட்டோவில் இருப்பது அதுதான். "உன் கடிகாரம் மெதுவாக ஓடியது" என்று தரைக்காரர் சொல்கிறார். "உன் கடிகாரங்கள்தான் மெதுவாக ஓடின, அதோடு அவற்றை நீ சரியாக ஒத்திசைக்கவும் இல்லை" என்று கலத்தில் இருப்பவர் சொல்கிறார். இரண்டும் அவரவர் அளவுகோலில் சரி. "ஒரே சமயத்தில்" என்ற சொல் தூரத்தில் உள்ள இரண்டு நிகழ்ச்சிகளுக்கு எல்லோருக்கும் பொதுவாகச் செல்லுபடியாகாது என்பதுதான் சார்பியலில் உண்மையில் கடினமான பாடம். கடிகாரம் பின்தங்குவது அதன் ஒரு விளைவு. இதை விட்டுவிட்டு ஒளிக் கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்கிற விளக்கங்கள்தான் உங்களுக்கு வந்த மாதிரியான சந்தேகத்தை விட்டுச் செல்கின்றன.

கலம் கிழக்குக் கம்பத்தில் சட்டென்று திரும்பி மேற்குக் கம்பத்துக்கே வந்தால், இப்போது ஒரே இரண்டு கடிகாரங்களை நேருக்கு நேர் வைக்கலாம். மேற்குக் கடிகாரம் 10, கலத்தின் கடிகாரம் 6. இங்கே யாருடையது குறைவு என்பதில் சார்பு எதுவும் இல்லை, திரும்பியவருடையதுதான் குறைவு. கலத்தின் கணக்கில் போகும்போது மேற்குக் கடிகாரம் 1.8 ஓடியது, வரும்போது 1.8 ஓடியது, மொத்தம் 3.6. மீதி 6.4 எங்கே என்று திணறுவது வழக்கம். திரும்பியதால் கலத்துக்கு "இப்போது மேற்கே மணி என்ன" என்பதன் பொருளே மாறிவிட்டது. போகும் திசையில் கிழக்குக் கடிகாரத்தைவிட 3.2 பின்னால் இருந்த மேற்குக் கடிகாரம் வரும் திசையில் 3.2 முன்னால் இருப்பதாகிறது. இரண்டும் சேர்ந்து 6.4. மேற்குக் கம்பத்தில் இதனால் எதுவும் குதிக்கவில்லை, கலத்தில் இருப்பவர் "ஒரே சமயம்" என்று எதைச் சொல்கிறார் என்பதுதான் மாறியது.

குதிக்கவில்லை என்பதைத் தொலைநோக்கி வைத்தே உறுதி செய்யலாம். கண்ணால் பார்ப்பதும் கணக்கிட்டுச் சொல்வதும் வேறு வேறு. "ஒளி வந்துசேரத் தாமதமாவதால்தான் மெதுவாகத் தெரிகிறது" என்று சிலர் சொல்வது தவறு. அந்தத் தாமதத்தைக் கழித்த பிறகும் மிஞ்சுவதைத்தான் மேலே முழுக்கச் சொல்லிவந்தேன். தாமதத்தைக் கழிக்காமல் நேரே பார்த்தால், இந்த வேகத்தில் விலகும் கடிகாரம் மூன்று மடங்கு மெதுவாகவும், நெருங்கும் கடிகாரம் மூன்று மடங்கு வேகமாகவும் தெரியும். கலத்திலிருந்து பின்னால் பார்க்கிறவர் போகும் 3 மில்லி நொடியில் மேற்குக் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து 1-க்கு வருவதைப் பார்ப்பார். திரும்பி வரும் 3 மில்லி நொடியில் அது 1-லிருந்து 10-க்கு ஓடுவதைப் பார்ப்பார். தாவல் எதுவும் தெரியாது, முடிவு அதே 10.

திரும்பும்போது ஏற்படும் முடுக்கம் கடிகாரத்தை ஏதோ செய்கிறது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. அதையும் சோதித்தாயிற்று. செர்னில் 14 மீட்டர் விட்டமுள்ள காந்த வளையத்தில் மியூவான்களை ஒளியின் வேகத்தில் 99.94 சதவீதத்தில் சுற்றவிட்டு 1977-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓயாமல் திரும்பிக்கொண்டே இருப்பதால் அவை உணரும் முடுக்கம் பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறக்குறைய பத்தாயிரம் கோடி கோடி மடங்கு. ஆனாலும் அவற்றின் ஆயுள் 64 மைக்ரோ நொடிக்குச் சற்று மேல், சுமார் 29 மடங்கு நீண்டது. வேகத்தை மட்டும் வைத்துச் சார்பியல் சொல்லும் எண்ணோடு அது ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் பொருந்தியது. முடுக்கத்துக்கென்று தனி விளைவு எதுவும் தென்படவில்லை. திரும்புவது முக்கியமாவது, அது பாதையை மாற்றுவதால்தான்.

நம் வாழ்க்கையில் இது தெரியாமல் போவதற்குக் காரணம் அளவு. பூமி சுழல்வதைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு 900 கிலோமீட்டரில் 10 மணி நேரம் பறக்கும் விமானத்தில் வேகத்தால் மட்டும் பின்தங்குவது சுமார் 12 நானோ நொடி, நம் ஸ்கேல் கடிகாரத்தில் பன்னிரண்டு டிக். அதை அணுக் கடிகாரத்தால் அளக்க முடியும். ஆனால் அளக்கும்போது இன்னொன்றும் கலந்து வரும். உயரத்தில் ஈர்ப்பு பலவீனமாக இருப்பதால் கடிகாரம் சற்று வேகமாக ஓடும், பத்து கிலோமீட்டர் உயரத்தில் அதே பயணத்துக்கு அது 12-ஐவிட மூன்று மடங்கு பெரியது. இரண்டையும் பிரிக்காமல் "விமானத்தில் கடிகாரம் மெதுவாகும்" என்று சொன்னால் சோதனை அதைப் பொய்யாக்கக்கூடும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிலும் இதே கதைதான். நொடிக்கு நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தால் அவற்றின் கடிகாரம் நாளொன்றுக்கு 7 மைக்ரோ நொடி பின்தங்குகிறது, உயரத்தால் 45 மைக்ரோ நொடி முந்துகிறது, மொத்தத்தில் 38 முந்துகிறது. நான் இங்கே விளக்கியது அந்த 7-ஐ மட்டும். 45 வருவதற்கு ஈர்ப்பைப் பற்றிய பொதுச் சார்பியல் வேண்டும், அதை இரண்டு கண்ணாடியையும் ஸ்கேலையும் வைத்து இதே மாதிரி முடித்துவிட முடியாது.